டாட்டூ, தழும்பு, மச்சம் மூணும் ஒத்துப்போகுது, அப்போ அவன்தானா?

"வணக்கம் டாக்டர். எங்க அபார்ட்மெண்ட் கேட் பக்கத்துல போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழரை மணிக்கு ஒரு பாட்டியோட செயின அறுத்துட்டு ஒருத்தன் ஓடிட்டான். கேட் கேமரால இருந்து எடுத்த ஸ்டில்ல அவனோட வலது முன்கையில வேல் டாட்டூ, புருவத்துல வெட்டுத் தழும்பு, தாடைக்கு கீழ ஒரு பிறவி மச்சம் தெரியுது. எங்களுக்கு வாட்டர் கேன் போடற பையனுக்கும் இதே மூணும் இருக்கு, அவன் வாட்ஸப் டிபியையும் கூட வெச்சு அனுப்பிருக்கேன். குரூப்ல அவன் பேரோட போட்டோவ போடுங்கனு எல்லாரும் சொல்றாங்க, நான்தான் அட்மின். ஒண்ணு ஒத்துப்போனா தற்செயல்னு சொல்லலாம், மூணும் ஒத்துப்போனா அவன்தானே டாக்டர்?"

வணக்கம்மா. முதல்ல ஒண்ணு, இத படிச்சு முடிக்கற வரைக்கும் குரூப்ல எதுவும் போடாதீங்க, யாராவது ஏற்கனவே போட்டிருந்தா அட்மின்ங்கற முறையில அத எடுத்துடுங்க. ஏன்னு கடைசில சொல்றேன்.

நான் முப்பது வருஷம் சட்ட மருத்துவத்துல இருந்தவன், போஸ்ட்மார்ட்டம் பண்ணாலும் சரி காயத்துக்கு சர்டிபிகேட் குடுத்தாலும் சரி, ஒவ்வொரு தடவையும் ஃபார்ம்ல ரெண்டு அங்க அடையாளம் எழுதணும், அப்படி எத்தனை ஆயிரம் மச்சம் எழுதிருப்பேன்னு எனக்கே தெரியாது. அதனால அடையாளத்துக்கு மதிப்பே இல்லனு நான் சொல்லப்போறதில்ல. ஆனா உடம்புல இருக்கற அடையாளம் வேற, போட்டோல தெரியற அடையாளம் வேற. நீங்க அனுப்பின ரெண்டு படத்தையும் நேத்து ராத்திரி கம்ப்யூட்டர்ல பெருசாக்கி உக்காந்து பாத்தேன், என்ன பண்ணேன்னு அப்படியே சொல்றேன், நீங்களும் வீட்ல பண்ணிப் பாக்கலாம்.

நான் முதல்ல டாட்டூவ பாக்கல, அளவுகோல் தேடுனேன். ஸ்டில்ல செக்யூரிட்டி கேபின் ஓரமா காலி வாட்டர் கேன் ஒண்ணு நிக்குது, அந்த ஆள் கிட்டத்தட்ட அதே தூரத்துலதான் இருக்கான். இருபது லிட்டர் கேனோட குறுக்களவு சுமார் 27 சென்டிமீட்டர், சந்தேகத்துக்கு எங்க வீட்டு கேனையே டேப் வெச்சு அளந்துக்கிட்டேன். உங்க ஸ்டில்ல அந்த கேன் 38 பிக்சல் அகலம் இருக்கு. 270 மில்லிமீட்டர 38-ஆல வகுத்தா ஒரு பிக்சலுக்கு ஏழு மில்லிமீட்டர் சொச்சம். அதாவது அந்த எடத்துல ஏழு மில்லி சதுரத்துக்குள்ள என்ன இருந்தாலும், தோலோ முடியோ மையோ, எல்லாத்தையும் கலக்கி ஒரே ஒரு சாம்பல் கட்டமாத்தான் கேமரா குடுக்கும்.

இப்ப கைய பாருங்க. முழங்கைல இருந்து மணிக்கட்டு வரைக்கும் 25 சென்டிமீட்டர்னு வெச்சாலும் படத்துல 35 பிக்சல்தான். பத்து சென்டிமீட்டர் நீளத்துல ஒரு வேல் குத்திருந்தா அது 14 பிக்சல், இலை மாதிரி இருக்கற அந்த தலைப்பகுதி மூணு சென்டிமீட்டர் அகலம்னா நாலு பிக்சல். டாட்டூ கோடோட தடிமன் ஒன்னு ரெண்டு மில்லிதான் இருக்கும், அது ஒரு பிக்சல்ல கால்வாசி வந்தா பெருசு, கட்டம் லேசா கருத்துக் காட்டும், அவ்ளோதான். நாலு கட்டம் அகலமும் பதினாலு கட்டம் நீளமும் இருக்கற எடத்துக்குள்ள வேலையும் வரையலாம், மயில் இறகையும் வரையலாம், சிலுவையையும் வரையலாம், மூணும் ஒரே மாதிரிதான் தெரியும். இதுக்கு மேல வாட்ஸப்ல வந்த படம் வேற, அனுப்பும்போது அது படத்த அமுக்கும், அமுக்கற முறை எட்டுக்கு எட்டு கட்டமா படத்த வெட்டி வேலை செய்யும், அதனால நாலு பிக்சல் இருக்கற வேலோட அகலம் ஒரு கட்டத்துக்குள்ள பாதி எடத்துலயே அடங்கிடுது, அதோட ஓரம் எங்க முடியுதுன்னு சொல்றது கேமராவே இல்ல, அமுக்கற கணக்கு.

நம்ப முடியலையா, அதே ஸ்டில்ல மதில்ல ஒரு நோ பார்க்கிங் போர்டு இருக்கே, பெரிய எழுத்த படிக்க முடியுது. அதுக்கு கீழ போன் நம்பர் இருக்கும் பாருங்க, அத படிங்க பாப்போம். முடியாது. அந்த நம்பரோட உயரம் ஒன்றரை சென்டிமீட்டராவது இருக்கும், நேர்ல போய் அளந்து பாருங்க. வெள்ளை போர்டுல கருப்பு மைல எழுதின ஒன்றரை சென்டிமீட்டர் எழுத்தையே காட்ட முடியாத படம், ஓடற மனுசனோட கையில இருக்கற ஒன்றரை மில்லிமீட்டர் கோட்ட மட்டும் வேல்னு எப்படி காட்டும்?

அப்போ வேல்னு எப்படி தெரிஞ்சுது? உங்கள குத்தம் சொல்லலம்மா, யாருக்கும் இப்படித்தான் ஆகும். யாரோ ஒருத்தர் முதல்ல "இது நம்ம கேன்காரன் கை மாதிரி இல்ல?"னு கேட்டிருப்பாங்க, கேன்காரன் கையில வேல் இருக்கறது எல்லாருக்கும் தெரியும், அதுக்கப்புறம் அந்த கருப்புத் திட்டுல எல்லாரும் வேலப் பாத்திருப்பீங்க. பேர் தெரியறதுக்கு முன்னாடி யாராவது "வேல்"னு எழுதிருக்காங்களா, குரூப்ப மேல தள்ளிப் பாருங்க. நான் சர்வீஸ்ல இருந்தப்போ இதுக்குனே ஒரு வழக்கம் வெச்சிருந்தேன், சந்தேகப்படற ஆளோட போட்டோவ கடைசிலதான் பாப்பேன், முதல்ல இருக்கற படத்துல என்ன தெரியுதோ அத பேப்பர்ல எழுதி மூடி வெச்சுட்டுத்தான் அடுத்தது. உங்க ஸ்டில்லுக்கு நான் எழுதினது இதுதான்: "முழங்கைக்கு கீழ, முன்கையின் உள்பக்கம், நீளவாக்கில் கருமையான திட்டு." அவ்ளோதான் எழுத முடிஞ்சுது. அது டாட்டூவா இருக்கலாம், கிரீஸா இருக்கலாம், கையில கட்டின கருப்பு கயிறா இருக்கலாம், முறுக்கிக்கிட்ட நரம்பா கூட இருக்கலாம்.

நரம்பா அப்படினு சிரிக்காதீங்க, காரணம் இருக்கு. உங்க ஸ்டில் கருப்பு வெள்ளை. ஏழரை மணிங்கறதால கேமரா நைட் மோடுக்கு போயிருச்சு, அப்ப அது நம்ம கண்ணுக்கு தெரியற வெளிச்சத்துல பாக்கல, அகச்சிவப்பு வெளிச்சத்துல, அதான் இன்ஃப்ராரெட்ல பாக்குது. அந்த வெளிச்சத்துல உலகமே வேற மாதிரி. கருப்பு சட்டை பல சமயம் வெள்ளையா தெரியும், அதனால "வெள்ளை சட்டை போட்டிருந்தான்"னு போலீஸ்ல சொல்லிருந்தா அதையும் திருத்திக்கோங்க. தோலுக்கு அடியில இருக்கற நரம்பு வழக்கத்த விட கருப்பா எடுப்பா தெரியும். கார்பன் இருக்கற கருப்பு டாட்டூ மை அப்படியே கருப்பாத்தான் நிக்கும், அழுகிப்போன உடம்புல கூட டாட்டூவ கண்டுபிடிக்க நாங்க இன்ஃப்ராரெட் போட்டோ எடுக்கறது அதனாலதான், ஆனா கலர் மைய நம்ப முடியாது, சிவப்பெல்லாம் காணாமயே போயிடும்.

இதுல பெரிய தமாஷ் உங்க மூணாவது அடையாளம், அந்த பிறவி மச்சம். மச்சத்துக்கு நிறம் குடுக்கற மெலனின் இன்ஃப்ராரெட் வெளிச்சத்த ரொம்ப கம்மியாத்தான் உறிஞ்சும், அதனால பழுப்பு மச்சம் எல்லாம் நைட் மோடுல சுத்தி இருக்கற தோலோட கலந்து மங்கிடும். ரத்தக்குழாயால வர்ற செவப்பு மச்சமும் அதே கதைதான். டிபில அந்த தம்பிக்கு தாடைக்கு கீழ பழுப்பா ஒரு மச்சம் இருக்கு, ஒத்துக்கறேன், நல்லா தெரியுது. அதே ஆள் அந்த கேமரா முன்னாடி ராத்திரி நின்னிருந்தா அது மங்கலாத்தான் தெரிஞ்சிருக்கணும். ஸ்டில்லுல நீங்க பாக்கறதோ நல்ல கருப்பு. என் கண்ணுக்கு அது காலரோட நிழல், மேல இருந்து வர்ற வெளிச்சத்துல தாடைக்கு கீழ நிழல் விழாம எங்க போகும். ஆக உங்களோட மூணாவது பொருத்தம் பொருத்தமே இல்ல, சொல்லப்போனா எதிர்ப்பக்கம் போகுது.

புருவத் தழும்புக்கு ரொம்ப நேரம் செலவு பண்ண வேண்டாம். முகமே 20 பிக்சல் அகலம். புருவம் ஒன்னு ஒன்றரை பிக்சல் தடிமன். ரெண்டு மில்லி அகலத் தழும்பு இதுல தெரியவே தெரியாது. புருவம் ஒரு எடத்துல விட்டுப்போன மாதிரி தெரியறது படத்த அமுக்கினதுல வந்த கட்டத்தோட ஓரம், பக்கத்துல கன்னத்துலயும் அதே நேர்கோட்டுல ஒரு வெட்டு தெரியுது பாருங்க, கன்னத்துலயும் தழும்புனு யாரும் சொல்லலையே.

இப்ப டிபிக்கு வர்றேன். டிபி நல்ல வெளிச்சத்துல எடுத்த தெளிவான படம், அதுல வேல் இருக்கு, தழும்பு இருக்கு, சந்தேகமில்ல. ஆனா அவன் டீஷர்ட்ல இருக்கற எழுத்த படிச்சீங்களா? கண்ணாடில பாக்கற மாதிரி திரும்பி இருக்கு. முன் கேமரால எடுத்த செல்ஃபி, நிறைய போன்ல அது கண்ணாடி பிம்பமாவே சேவ் ஆகும். அப்படினா டிபில வலது கை மாதிரி தெரியறது அவனோட இடது கை. வேல் இருக்கறது இடது முன்கையில. ஸ்டில்ல அந்த ஆள் நம்மள பாத்த மாதிரி ஓடி வர்றான், கருப்பு திட்டு படத்துக்கு இடது பக்கம் இருக்கற கையில, அதாவது அவனோட வலது கையில. கேமரா ரெக்கார்டர்லயும் படத்த திருப்பற செட்டிங் உண்டு, அதனால அதையும் சரிபாத்தேன், நோ பார்க்கிங் போர்டு எழுத்து நேராத்தான் இருக்கு, ஸ்டில் திரும்பல.

ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு "ஒரே பக்கம், ஒரே எடம்"னு எல்லாரும் சொல்லிருக்கீங்க, உண்மைல ஒரே பக்கமே இல்ல. அந்த தம்பி நாளைக்கு கேன் கொண்டு வரும்போது கைய பாருங்க, எந்த கைன்னு தெரிஞ்சுடும், ஆனா எதுக்கு பாக்கறீங்கனு அவன்கிட்டயும் சொல்ல வேண்டாம் வேற யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்.

அப்போ அந்த தம்பி நிரபராதினு நான் சர்டிபிகேட் குடுக்கறேனா? அதுவும் இல்லம்மா, இத சரியா புரிஞ்சுக்கோங்க. ஸ்டில்ல இருக்கற திட்டு நிஜமாவே டாட்டூதான்னு உறுதியா தெரிஞ்சிருந்தா, வலது கை இடது கை வித்தியாசம் ஒண்ணே அந்த தம்பிய லிஸ்ட்ல இருந்து எடுக்க போதும். ஆனா அது டாட்டூவான்னே தெரியாதப்போ அத வெச்சு ஒருத்தர சேக்கவும் முடியாது, நீக்கவும் முடியாது. அந்த ஸ்டில் யார பத்தியும் ஒண்ணும் சொல்லல.

சரி, படம் தெளிவா இருந்து, பகல் வெளிச்சத்துல, அதே கையில வேல், அதே புருவத்துல தழும்புனு வெச்சுக்குவோம். அப்பவாவது பேர் சொல்லலாமா? நீங்க கேட்டது உண்மைல இதுதான்.

வேல் டாட்டூ எங்க இருந்து வருதுனு யோசிங்க. குத்தறவர் ஒவ்வொருத்தருக்கும் புதுசா வரையறதில்ல, டிசைன ஸ்டென்சில் பேப்பர்ல எடுத்து தோல்ல ஒட்டி உரிச்சா ஊதா கலர்ல அச்சு விழும், அது மேலதான் ஊசி போகும், அதே டிசைன் அடுத்த ஆளுக்கும் ஒட்டும். திருவிழா கடைல போர்டுல ஒட்டி வெச்சிருப்பாங்க, ஓம், வேல், சூலம், அம்மா, மயில் இறகு, கைய காட்டி இதுனு சொன்னா பத்து நிமிஷம். இது புதுசும் இல்ல, எங்க பாட்டி முன்கையில கோலம் மாதிரி பச்சை குத்திருப்பாங்க, ஊருக்கு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற ஒரு அம்மாதான் எல்லாருக்கும் குத்துவாங்களாம், பாட்டி, பாட்டியோட தங்கச்சிங்க, பக்கத்து வீட்டு அம்மா எல்லார் கையிலயும் அதே கோலம், கைய மட்டும் போட்டோ எடுத்திருந்தா யார் கைன்னு எங்க தாத்தாவுக்கே தெரிஞ்சிருக்காது.

தழும்பும் அப்படித்தான். சின்ன வயசுல விழுந்தா அடிபடற எடம் புருவம், தாடை, முட்டி, ஏன்னா எலும்பு தோலுக்கு நேர் கீழ இருக்கு, தரை இடிச்சா தோல் அங்கதான் பிளக்கும். நம்ம ஊர்ல இதுக்கு உச்சம் பிசிஜி, பொறந்ததும் இடது தோள்ல போடற காசநோய் ஊசி, அதோட வட்டத் தழும்பு கோடிக்கணக்கான பேருக்கு ஒரே எடத்துல இருக்கு. "இடது தோளில் வட்டமான தழும்பு"னு யாராவது அங்க அடையாளம் எழுதினா அது அடையாளமே இல்ல, இந்தியால பொறந்தவர்னு வேணா சொல்லலாம். எங்க ஸ்கூல் டிசில எல்லாம் "வலது முன்கையில் ஒரு மச்சம்"னு இருக்கும், வாத்தியார் வரிசையா நிக்க வெச்சு நிமிஷத்துக்கு ரெண்டு பேர்னு எழுதினது, என் வகுப்புல பாதி பேருக்கு அதேதான், எனக்கும் அதான்.

ஒரு கணக்கு போட்டுப் பாக்கலாம், நம்பர் எல்லாம் நானா வெச்சுக்கறதுதான், நிஜ புள்ளிவிவரம்னு எடுத்துக்காதீங்க. உங்க ஊர்ல அந்த வயசு ஆம்பளைங்க 3 லட்சம் பேர். இருநூறுல ஒருத்தருக்கு முன்கையில வேல்னா 1,500 பேர். அதுல இருபதுல ஒருத்தருக்கு புருவத் தழும்புனா 75 பேர். உங்க கேன் தம்பி அந்த 75-ல ஒருத்தன். அவன் மேல உங்களுக்கு வேற எந்த ஆதாரமும் இல்லனா, இந்த ரெண்டும் ஒத்துப்போறதால மட்டும் அவன்தான்ங்கறதுக்கு 75-ல ஒரு பங்குதான் வாய்ப்பு. "ரெண்டும் சேந்து ஒருத்தனுக்கு இருக்கறது எவ்ளோ அபூர்வம்"னு தோணறது சரிதான், நாலாயிரத்துல ஒருத்தனுக்குத்தான் இருக்கு, ஆனா அந்த அபூர்வத்துக்கும் "அப்போ இவன்தான்"ங்கறதுக்கும் நடுவுல மீதி 74 பேர் நிக்கறாங்க, அவங்க உங்க கேட்டுக்குள்ள தினமும் வர்றதில்ல, அதனால உங்க கண்ணுக்கு தெரியல, அவ்ளோதான் வித்தியாசம்.

எனக்கே ஒரு அனுபவம். ரயில்வே டிராக்ல கிடைச்ச ஒரு உடம்பு, முகம் சிதைஞ்சு போச்சு, வலது கையில "அம்மா"னு டாட்டூ. ஸ்டேஷன்ல யாரோ போன்ல அந்த கைய மட்டும் போட்டோ எடுத்து காணாமப்போனவங்க குடும்பத்துக்கு காட்டிருக்காங்க. ஒரு அம்மா பாத்ததும் கதறிட்டாங்க, எம்புள்ளனு. மார்ச்சுவரிக்கு வந்தப்போ நான் சும்மா கேட்டேன், தம்பிக்கு ஆபரேஷன் எதாவது நடந்திருக்கானு. இல்லவே இல்லனாங்க. உடம்புல வலது அடிவயித்துல குடல்வால் எடுத்த தழும்பு, தையல் போட்ட புள்ளியோட, பழசு. அந்த பையன் மூணு வாரம் கழிச்சு திருப்பூர்ல இருந்து போன் பண்ணினான். "அம்மா"ங்கற டாட்டூ அந்த தாயை ஏமாத்திடுச்சு, ஒரு அடிவயித்துத் தழும்பு காப்பாத்துச்சு. ஒரு அடையாளம் பொருந்தறத விட ஒரு அடையாளம் பொருந்தாம போறதுக்குத்தான் பலம் ஜாஸ்தி, காரணம் சொல்ல முடியாத ஒரே ஒரு வித்தியாசம் போதும். ஆனா அத நேர்ல உடம்புல பாத்தேன், போட்டோல பாத்திருந்தா அந்த தழும்பு ஃப்ரேமுக்கு வெளியதான் இருந்திருக்கும். போட்டோல ஒரு அடையாளம் தெரியலனா அது இல்லனு அர்த்தமில்ல, நேரா ஃபிளாஷ் அடிச்சா தழும்போட மேடு பள்ளம் தட்டையாயிடும், பக்கவாட்டு வெளிச்சத்துல அதே தழும்பு பூதாகரமா தெரியும், மேக்கப் மறைக்கும், லேசர் அழிக்கும், பழைய டாட்டூ மேல புதுசு குத்தி மூடலாம்.

அடையாளத்த வெச்சு ஒருத்தர சரியா கண்டுபிடிச்ச கேஸ் இல்லையானு கேப்பீங்க. இருக்கு, நம்ம நாட்லயே பெரிய கேஸ், பாவல் சன்னியாசி வழக்கு. வங்காளத்துல பாவல் ஜமீனோட ரெண்டாவது குமாரர் 1909-ல டார்ஜிலிங்ல செத்துட்டார்னு சொன்னாங்க, பன்னெண்டு வருஷம் கழிச்சு டாக்கால ஒரு சாமியார், இவர்தான் அவர்னு ஊரே சொல்லுச்சு, மனைவி இல்லன்னாங்க. 1930-ல கேஸ் போட்டு 1936-ல நீதிபதி பன்னாலால் பாசு அவர்தான் குமாரர்னு தீர்ப்பு சொன்னார், 1946-ல லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் அதே தீர்ப்பு நின்னுச்சு. அதுல அங்க அடையாளம் பெரிய பங்கு வகிச்சது, குறிப்பா இடது கணுக்கால் வெளிப்பக்கம் ஒழுங்கில்லாத ஒரு தழும்பு. அந்த தழும்புக்கு ஏன் மதிப்பு வந்துச்சுன்னா, குமாரர் உயிரோட இருந்தப்போ ஆயுள் காப்பீட்டுக்காக அவர பரிசோதிச்ச டாக்டர் அத அப்பவே ரிப்போர்ட்ல எழுதி வெச்சிருந்தார், சண்டை வரும்னு யாருக்கும் தெரியாத காலத்துல. அப்புறம் உயிரோட இருக்கற ஆள டாக்டர்கள் நேர்ல பரிசோதிச்சாங்க, ஒண்ணு ரெண்டு இல்ல, தலைல இருந்து கால் வரைக்கும் வரிசையா. ஆயிரத்துக்கும் மேல சாட்சிகள். அதே கேஸ்ல போட்டோக்களையும் ஒப்பிட்டுப் பாத்தாங்க, ரெண்டு பக்கமும் எக்ஸ்பர்ட்ட கூட்டிட்டு வந்தாங்க, ஒரு பக்கத்து எக்ஸ்பர்ட் ஒரே ஆள்னார், இன்னொரு பக்கத்து எக்ஸ்பர்ட் வேற ஆள்னார். உடம்பே எதிர்ல இருந்தும் இவ்ளோ பாடு. உங்ககிட்ட இருக்கறது நாலு பிக்சல்.

இப்ப ஏன் குரூப்ல போடக்கூடாதுன்னேன்னு சொல்றேன். திருடன போலீஸ் பிடிச்சா பாட்டிய கூப்பிட்டு அடையாள அணிவகுப்பு நடத்துவாங்க, இப்ப இருக்கற குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதால 54-ஆவது பிரிவு. ஒரே மாதிரி ஆட்கள வரிசையா நிக்க வெச்சு பாட்டி காட்டணும். சந்தேக ஆளுக்கு புருவத்துல தழும்பு இருந்தா என்ன பண்ணுவாங்க தெரியுமா, அவனுக்கு அந்த எடத்துல ஒரு துண்டு பேப்பரோ பிளாஸ்திரியோ ஒட்டி, வரிசைல நிக்கற மத்த எல்லாருக்கும் அதே எடத்துல அதே சைஸ்ல ஒட்டிடுவாங்க. பாத்தா பத்து பேரும் புருவத்துல பிளாஸ்திரியோட நிப்பாங்க, வேடிக்கையா இருக்கும். காரணம், தழும்ப பாத்து கை காட்டினா பாட்டி ஆள அடையாளம் காட்டல, தழும்பத்தான் அடையாளம் காட்டறாங்க. நீங்க குரூப்ல எத வெச்சு முடிவு பண்றீங்களோ, அணிவகுப்புல அத மூடி வெக்கறாங்க.

பாட்டியோ பாட்டி வீட்ல யாராவதோ குரூப்ல இருப்பாங்க. இவன்தான்னு பேரோட அந்த டிபி வந்தா பாட்டி மனசுல ஓடின முகம் போய் டிபி முகம் உக்காந்துடும், வேணும்னு இல்ல, ஞாபகம் அப்படித்தான். நாளைக்கு அந்த தம்பி வரிசைல நின்னா பாட்டி உறுதியா காட்டுவாங்க, டிபிய பாத்ததால. நிஜத் திருடன் நின்னா காட்ட மாட்டாங்க. அவனுக்கு வக்கீல் வெச்சா முதல் கேள்வியே போட்டோவ முன்னாடியே பாத்தீங்களாங்கறதுதான், அதோட அணிவகுப்போட மதிப்பு போச்சு. இதுக்கு மேல அந்த தம்பி கேஸ் போட்டா அவதூறுக்கு பேர் போட்டவங்களும் பதில் சொல்லணும், அது வேற கணக்கு.

பண்ண வேண்டியது இது. கேமரா ரெக்கார்டர்ல பழசு மேல புதுசு பதிஞ்சு அழிஞ்சுக்கிட்டே வரும், வெள்ளிக்கிழமை பதிவு இன்னும் இருக்கானு இன்னைக்கே பாருங்க. அந்த பதிவ வாட்ஸப் வழியா இல்லாம பென் டிரைவ்ல ஒரிஜினலா எடுக்க சொல்லுங்க, ஒரு ஸ்டில் மட்டும் வேண்டாம், முன்ன பின்ன அரை மணி நேரம் முழுசா, அதுல வண்டி வரலாம், அவன் வேற கேமராக்கு கிட்ட வரலாம். ரெக்கார்டர் மணியும் உங்க போன் மணியும் எவ்ளோ வித்தியாசம்னு குறிச்சுக்கோங்க. கோர்ட்டுக்கு போனா அதுக்கு சாட்சிய சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தோட 63-ஆவது பிரிவு சர்டிபிகேட் வேணும், பதிவ எடுத்துக் குடுக்கற ஆள் யாருன்னு அப்பவே எழுதி வெச்சுக்கோங்க. கேன் தம்பி மேல சந்தேகம்னு உங்களுக்கு இன்னமும் தோணுச்சுனா அத ஸ்டேஷன்ல தனியா சொல்லுங்க, தப்பில்ல, ஆனா "வேல் டாட்டூ தெரியுது"னு சொல்லாதீங்க, "வலது முன்கையில கருப்பா ஒரு திட்டு தெரியுது"னு சொல்லுங்க, உங்க படம் சொல்றது அவ்ளோதான். வெள்ளிக்கிழமை ஏழரை மணிக்கு அவன் எந்த தெருவுல கேன் இறக்கிட்டிருந்தான்னு ஏஜென்சி நோட்டுலயும் அவன் போன்லயும் இருக்கும், அத பாக்கறது அவங்க வேலை.

ஒண்ணு மட்டும் எனக்கு உடனே எழுதுங்க. அந்த டிபிய யாராவது ஏற்கனவே பாட்டிகிட்ட காட்டிட்டாங்களா? காட்டிருந்தா யாரு, எப்போ, என்ன சொல்லி காட்டினாங்கனு ஒரு பேப்பர்ல எழுதி தேதி போட்டு வெச்சுக்கோங்க, இன்ஸ்பெக்டர்கிட்ட முதல்ல அத சொல்லணும்.